வாட்ச் கலோரியை லேப் அளவோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த மாணவர் கையில் தாளோடு வந்து நின்றார். "சார், ட்ரெட்மில்லில் அரை மணி நேரம். வாட்ச் 208 காட்டுது, நம்ம மெஷின் 205. அப்படியே பொருந்துது!" எனக்குப் பகீரென்றது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் குதித்தேன்.

பட்டையைத் தளர்வாகக் கட்டுவது, எடையைத் தப்பாகப் பதிவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருநாள் அனுபவத்தில் சரியாகிவிடும்.

Active எண்ணை மொத்தச் செலவோடு ஒப்பிடுவது

லேப் மெஷின் கலோரியை நேரடியாக அளப்பதில்லை. மாஸ்க் வழியே உள்ளே போகும், வெளியே வரும் காற்றை அளந்து, உடல் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்தது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விட்டது என்று கணக்கிடுகிறது. பிறகு வியர் என்ற ஆய்வாளர் 1949-இல் தந்த சமன்பாட்டில் போடுகிறது. VO2 என்பது எடுத்த ஆக்சிஜன், VCO2 என்பது விட்ட கார்பன் டை ஆக்சைடு; இரண்டும் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு:

```
kcal/min = 3.941 × VO2 + 1.106 × VCO2
```

அந்த மாணவர் சோதித்தவருக்குச் சராசரி VO2 1.40, VCO2 1.20. நிமிடத்துக்கு 6.84 கிலோகலோரி, அரை மணிக்கு 205. கணக்கில் பிழை இல்லை. ஆனால் இது மொத்தச் செலவு. அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் எரித்திருக்கும் பங்கும் இதற்குள் இருக்கிறது.

வாட்ச்சில் அவர் பார்த்ததோ `Active` என்ற எண். ஓய்வுச் செலவைக் கழித்துவிட்டு, நடந்ததால் கூடுதலாகச் செலவானது மட்டும்தான் அது. ஓய்வையும் சேர்த்தது வேண்டுமென்றால் `Total` பார்க்க வேண்டும்.

நல்லவேளையாக, நடைக்கு முன்பே ஓய்வு அளவு எடுத்திருந்தோம்: VO2 0.25, VCO2 0.20. அதாவது நிமிடத்துக்கு 1.2, அரை மணிக்கு 36 கிலோகலோரி. 205-இல் 36 போனால் 169. வாட்ச் சொன்னது 208. அச்சாகப் பொருந்தியதாகத் தெரிந்த வாட்ச் உண்மையில் 23 சதவீதம் கூட்டிக் காட்டியிருக்கிறது. மாணவரின் முகம் வாடிவிட்டது.

இடைவெளி பெரிதாக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டுத் தேடுவார்கள். பொருந்திப்போன எண்ணை யாரும் கிளறுவதில்லை. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். என் முதல் ஒப்பீட்டில் 22 பேரை நடக்க வைத்தேன். எல்லோருக்கும் `Active` மட்டும் குறித்துக்கொண்டேன். ஓய்வு அளவு ஒருவருக்கும் எடுக்கவில்லை. மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போனது. வயது, எடை, உயரம் வைத்து ஓய்வுச் செலவை மதிப்பிட்டுக் கழிக்கலாமே என்று கேட்பார்கள். வாட்ச்சும் அந்த மாதிரி மதிப்பீட்டைத்தானே நம்புகிறது! அளந்ததோடு ஒப்பிட வந்துவிட்டு, ஊகத்தோடு ஊகத்தை ஒப்பிட்ட கதையாகிவிடும்.

ஆகவே மாஸ்க்கைப் போட்டுக் குறைந்தது இருபது நிமிடமாவது அமைதியாக இருக்க வையுங்கள். முதல் ஐந்து நிமிட அளவை விட்டுவிடுங்கள். வாட்ச்சில் இரண்டு எண்ணையும் குறியுங்கள்.

நாடித்துடிப்பு சரி என்றால் கலோரியும் சரி என்று நம்புவது

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு அளந்தன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம்; மோசமானதற்கு 93.

காரணம் இலகுவானது. இருவருக்கும் துடிப்பு 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் உடல் ஒரு துடிப்புக்கு 10 மில்லி ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. பயிற்சி பெற்ற இன்னொருவர் 14 மில்லி. நிமிடத்துக்கு 1.3 லிட்டருக்கும் 1.82 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் இது. மணிக்கட்டில் ஒளிரும் பச்சை விளக்குக்குத் துடிப்புதான் தெரியும்; துடிப்புக்கு எத்தனை மில்லி என்பது தெரியாது.

சராசரியை மட்டும் பார்ப்பது

ஒருவருக்கு 30 சதவீதம் கூட்டி, அடுத்தவருக்கு 30 குறைத்துக் காட்டினால் சராசரிப் பிழை பூஜ்ஜியம். ஒவ்வொருவரின் பிழையையும் குறியை நீக்கிவிட்டுத் தனியே பாருங்கள்.

ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது

கை அசையாவிட்டால் வாட்ச்சுக்கு நடை தெரியாது. பிடிக்க விடாதீர்கள்.

நடையில் தேறியதை எடை தூக்குவதற்கும் நீட்டுவது

கூடாது. எடை தூக்கும்போது துடிப்பு எகிறும். ஆக்சிஜன் அந்த அளவுக்கு ஏறாது.