காலைத் தாடை வலி, ‘டொக்’ சத்தம், தேய்ந்த பல்: நைட் கார்டு சரியாகப் பொருந்தும் வரை என்ன செய்வது

தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பூச்சி மாத்திரை போட்டும் என் தாடை வலி போகவில்லை. தூக்கம் நடுநடுவே சில நொடிகள் மட்டும் லேசாகக் கலையும், நமக்கே தெரியாது. அப்போது இதயத் துடிப்பு ஏறும், கூடவே தாடைத் தசையும் இறுகும். பெரியவர்களுக்குப் பல் கடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

1. வலி எந்த நேரத்தில் வருகிறது?

எழுந்ததும் அதிகமாக இருந்து, மதியத்துக்குள் குறைந்தால் இரவுக் கடிப்பைச் சந்தேகிக்கலாம். மாலையில்தான் ஏறுகிறது என்றால், வேலை நேரத்தில் பல்லை இறுக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சாப்பிடாதபோது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது.

2. வலி தசையிலா, மூட்டிலா?

பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிறதே, அந்தத் தசையை அழுத்துங்கள். அங்கே வலித்தால் தசைவலி. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒன்று நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு.

கீழ்த்தாடை எலும்பின் முனைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. மென்று சாப்பிடும்போது விட்டுவிட்டு விழும் சுமை, இரவில் விடாமல் அழுத்தும். அதனால் வட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்தால் அது முன்னால் நழுவக்கூடும். வாயைத் திறக்கையில் எலும்பு முனை மறுபடி வட்டின் மேல் ஏறும்போது ‘டொக்’ என்று கேட்கும். சோதித்துப் பார்க்கக் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி, முன்பற்கள் முனையோடு முனை நிற்கும்படி வையுங்கள். அங்கிருந்தே திறந்து, அதே நிலைக்கு மூடுங்கள். சத்தம் மறைந்தால் அது பெரும்பாலும் இந்த வட்டு விஷயம்தான். வலியில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் வைத்தியமே வேண்டாம்.

ஒருநாள் சத்தம் திடீரென நின்று, வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல் போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். எலும்பு வட்டின் மேல் ஏற முடியாமல் சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

3. பல்லைப் பாருங்கள்

மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தட்டையாக, பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் கடிப்பு. கடைவாய்ப் பல் முனையில் குழி விழுந்து, சொத்தைக்கு வைத்த பழைய அடைப்பு மட்டும் மேடாக நின்றால் அது அமில அரிப்பு. நெஞ்செரிச்சலும் குளிர்பானமும் அப்படிச் செய்யும். அதற்கு, இரவில் பல்லின் மேல் மாட்டும் உறையான நைட் கார்டு மட்டும் போதாது.

4. நைட் கார்டு

வெந்நீரில் போட்டு நாமே கடித்துப் பொருத்தும் மென்மையான கார்டுகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிலர் அதை இன்னும் வேகமாக மெல்ல ஆரம்பிக்கிறார்கள். முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டை மாதக்கணக்கில் போட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் கடியே மாறிவிடலாம். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், ஒரு வரிசைப் பல் முழுவதையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் கார்டுதான் என் தேர்வு.

கார்டு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. எனக்கு வந்தது மாட்டக் கச்சிதமாக இருந்தது, ஆனால் சில நாளில் வலி வலப்பக்கம் மட்டும் ஏறியது. கடித்தால் வலது கடைவாய்ப் பல் முதலில் இடித்தது. எல்லா அழுத்தமும் ஒரே பக்கம் போனால் மூட்டுக்குச் சுமை கூடுமே தவிரக் குறையாது.

அதனால் மருத்துவரிடம், கடித்த இடத்தில் புள்ளி பதிக்கும் வண்ணத்தாளைக் கார்டின் மேல் வைத்துக் கடியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் தாடை சற்றுப் பின்னால் போகும். எனவே நிமிர்ந்து உட்கார்ந்தும் ஒருமுறை கடித்துக் காட்டுங்கள். இரு பக்கக் கடைவாய்ப் பல்லின் புள்ளிகளும் ஒரே சமயத்தில், ஒரே அளவு அழுத்தமாக விழவேண்டும். ஒரு பக்கம் கருமையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், கார்டில் கருமையாக விழுந்த இடத்து மேட்டை ராவச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி போங்கள், ஏனென்றால் தசை தளர்ந்தால் கடியும் கொஞ்சம் நகரும்.

கார்டு கடிப்பை நிறுத்தாது. பல்லுக்குப் பதில் கார்டு தேயும். கார்டில் கீறல் விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், அதன் வேலையே அதுதான். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீர் போதும்.

பின்சேர்க்கை: குறட்டை விடுபவர்கள் கார்டு போடலாமா, மன அழுத்த மாத்திரையால் கடிப்பு வருமா என்று கருத்துப் பெட்டியில் இரண்டு பேர் கேட்டார்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள் முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மேல்தாடைக் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டலாம். மன அழுத்தத்துக்கு ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரை ஆரம்பித்த பிறகு கடிப்பு தொடங்கியிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றிப் பார்ப்பார்.