எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தும் ட்ரான்ஸிட் பில் குறையவில்லையா?

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பிராட்பேண்ட் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ட்ரான்ஸிட் என்பது மேலே உள்ள பெரிய நிறுவனத்துக்குக் காசு கொடுத்து, உலகத்து முகவரிகள் அனைத்துக்கும் வழி வாங்குவது. பியரிங்கில் அப்படி இல்லை. இரண்டு நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளையும் தங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் மட்டும் நேரடியாகப் பரிமாறிக்கொள்ளும். சென்னையில் நிக்ஸி, டி-சிக்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் ஒரே போர்ட்டில் பலரோடு இப்படி இணையலாம். ஆனால் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் இருக்க மாட்டார்கள், அதனால் ட்ரான்ஸிட்டை நிறுத்திவிட முடியாது.

போர்ட் வாங்கியாயிற்று, வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் செஷனும் மேலே வந்துவிட்டது. அப்புறமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ட்ரான்ஸிட் கிராஃப் இறங்கவே இல்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் அறிவிக்கும் முகவரித் தொகுதிகளை. ட்ரான்ஸிட்டில் நான்கு சிறிய /24 தொகுதிகளாகப் பிரித்து அறிவித்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் மொத்தமாக ஒரு பெரிய /22 மட்டும் அறிவிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உதாரணத்துக்கு, 198.18.0.0/22 உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். வீடியோ அனுப்பும் நெட்வொர்க் எக்ஸ்சேஞ்சில் அந்த /22-ஐப் பார்க்கிறது, ட்ரான்ஸிட் பக்கம் 198.18.1.0/24-ஐயும் பார்க்கிறது. ரவுட்டர் எப்போதும் நுணுக்கமான, அதாவது சிறிய தொகுதியைத்தான் எடுக்கும். பியரிங் வழிக்கு அவர்கள் எவ்வளவு முன்னுரிமை வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த ஒப்பீடு ஒரே தொகுதிக்கு இரண்டு வழிகள் இருக்கும்போது மட்டுமே நடக்கும். ஆகவே வீடியோ முழுவதும் காசு கொடுக்கும் பக்கமாகவே வந்து சேரும். எக்ஸ்சேஞ்சிலும் அதே /24-களை அறிவித்துவிட்டால் சரியாகிவிடும். அதற்கும் அசையவில்லை என்றால், எக்ஸ்சேஞ்சில் எல்லோருடைய வழிகளையும் ஒரே இடத்திலிருந்து பகிரும் ரூட் சர்வரில் அந்த வீடியோ நெட்வொர்க் இல்லாமல் இருக்கலாம். அவர்களிடம் தனி செஷன் கேட்க வேண்டும்.

இன்னொரு தவறு பில்லோடு நிற்காது, ஊரையே பாதிக்கும். எக்ஸ்சேஞ்சில் கற்றுக்கொண்ட வழிகளை ட்ரான்ஸிட் நிறுவனத்துக்குத் திருப்பி அறிவித்துவிடுவது அது. 2018 நவம்பர் 12 அன்று நைஜீரியாவின் மெயின்ஒன் நிறுவனம் பியரிங்கில் பெற்ற கூகுள் வழிகளை ஃபில்டர் பிழையால் சைனா டெலிகாமுக்கு விட்டுவிட்டது. கூகுளுக்குப் போக வேண்டிய டிராஃபிக் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சீனா வழியாகத் திசைமாறிப் போனது.

எதை யாருக்கு அறிவிப்பது என்பதில் விதி எளிது. வாடிக்கையாளரிடமிருந்து வந்த வழியை எல்லோருக்கும் சொல்லலாம். பியரிடமிருந்தோ மேலிருப்பவரிடமிருந்தோ வந்ததை வாடிக்கையாளருக்கு மட்டுமே சொல்ல வேண்டும். ஃபில்டரை ‘இதைத் தடு’ என்று எழுதுவதைவிட, ‘என் தொகுதிகளும் என் வாடிக்கையாளர்களின் தொகுதிகளும் மட்டும் வெளியே போகட்டும், மற்றதெல்லாம் நிற்கட்டும்’ என்று எழுதுவதே நல்லது. போட்ட பிறகு, ட்ரான்ஸிட் நிறுவனத்தின் ரவுட்டர் பார்க்கும் வழிகளை வெளியே காட்டும் லுக்கிங் கிளாஸ் பக்கத்தைத் திறந்து, உங்களிடமிருந்து எத்தனை தொகுதிகள் போய்ச் சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்கு போக வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் தெரிந்தால் உடனே அந்த செஷனை இறக்கிவிடுங்கள்.