புகை அடங்கிய கரிச்சட்டியை அறைக்குள் வைக்காதீர்கள்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ராத்திரி உறைபனி விழும். ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்து, வெளியே பார்பிக்யூ முடிந்த கரியைச் சட்டியோடு அறைக்குள் தூக்கி வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "புகை எல்லாம் போயிடுச்சு, வெறும் கனல்தானே" என்பார்கள். பெரிய தவறு இதுதான்.

விறகில் புகை வருவதற்குக் காரணம், சூட்டில் அதிலிருந்து பிரிந்து வரும் ஆவிகள் முழுசாக எரியாமல் போவது. கரி மூட்டம் போடும்போதே அந்த ஆவிகள் பெரும்பாலும் வெளியேறிவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய கார்பன் மட்டும். அதனால் கரியில் புகை குறைவு. ஆனால் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையை வைத்து அதை அளக்க முடியாது.

சட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். அடியில் காற்று நன்றாகப் படும் இடத்தில் கார்பன் முழுமையாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது: C + O2 → CO2. அது மேலே போகும் வழியில் செக்கச்செவேலென்று கனலும் துண்டுகளைக் கடக்க வேண்டும். அங்கே இன்னொரு கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது: CO2 + C → 2CO. நன்றாகப் பிடித்த கரியின் மேல் நீலமாக ஒரு சின்னச் சுடர் ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மோனாக்சைடு மேற்பரப்புக்கு வந்து, புதுக் காற்றைச் சந்தித்து எரிவதுதான் அது.

சரி, நீலச் சுடர் அணைந்து, கரி மேல் சாம்பல் பூத்தால்? அடியில் வாயு உருவாவது தொடர்கிறது. மேலே அதை எரிக்கும் சூடு மட்டும் போய்விட்டது. இப்போது அது அப்படியே அறைக்குள் இறங்கும். "இப்பதான் பக்குவம்" என்று சட்டியை உள்ளே கொண்டுவருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் இன்னும் அரைகுறையாகும்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயர அறை என்றால் சுமார் 25,000 லிட்டர் காற்று. சட்டியில் ஒரு கிலோ கரி. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 கிராம் கார்பன் மட்டும் மோனாக்சைடாகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியின் காற்றழுத்தத்தில் அது ஏறக்குறைய 25 லிட்டர் வாயு. அறைக் காற்றில் 0.1 சதவீதம். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. 0.1 சதவீதத்தை 200ஆல் பெருக்கினால் 20. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்ட சமம். அந்த அறையில் சில மணி நேரம் கிடந்தால் ஹீமோகுளோபினில் பாதியை விஷம் பிடித்துவிடும். அது உயிரைப் பறிக்கும் அளவு. காற்று கொஞ்சம் கசியும் அறையில் இந்த அளவு குறையும், உண்மைதான். ஆனால் கரியில் நூற்றில் ஒரு பங்குதான் மோனாக்சைடாகும் என்று எடுத்ததே மிகவும் குறைத்துப் போட்ட கணக்கு.

அடுத்த தவறு, பக்கத்தில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்தால் போதும் என்ற நம்பிக்கை. இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகச் சொற்பம். "இது கனமான வாயு, கீழேயே தங்கிவிடும், நாம் கட்டில் மேல்தானே படுக்கிறோம்" என்பதும் தப்புக் கணக்கு. காற்றைவிட இது ஒரு துளி லேசானது. அறை முழுக்கக் கலந்துவிடும். புகையைக் கண்டுபிடிக்கும் அலாரமும் இதைப் பிடிக்காது. மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் இருக்கிறது. காற்றுப்போக்கி அடைத்த குளியலறையில் கேஸ் கீசர் ஓடினாலும் இதே கதைதான். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி, கரி படிந்தால் உடனே நிறுத்துங்கள்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தளர்ச்சி. மலைக்கு வந்தவர்கள் இதைக் குளிர் என்றும், வளைவுப் பாதைப் பயணக் களைப்பு என்றும் நினைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அதே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் கரியைச் சந்தேகியுங்கள். யோசிக்காமல் எல்லோரும் வெளியே வாருங்கள். சட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று திரும்பப் படுக்க வேண்டாம். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் மோனாக்சைடு ஏறியதற்கும் வித்தியாசம் தெரியாது. சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருக்கும் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். அறைக்குள் கரி இருந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.