கெடு தாண்டிய ஷெட்: தாமத இழப்பீட்டுக் கணக்கிலும் நோட்டீஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைக்கு ஒரு ஷெட் தாமதமானால், அது வெறும் சில வாரக் கணக்கு அல்ல. பெங்களூரா மாங்காய் வரத்து மே கடைசியில் சூடுபிடித்து ஜூலையோடு அடங்கிவிடும். அதற்குள் கூரை ஏறவில்லை என்றால் அந்த வருஷமே போச்சு. அதனால்தான் இங்கே ஆலைக்காரர்கள் கட்டட ஒப்பந்தத்தில் தாமத இழப்பீட்டு ஷரத்தை மறக்காமல் சேர்த்துவிடுகிறார்கள். சைட்டில் எல்லோரும் இதை எல்.டி. என்றே சொல்வார்கள். சேர்ப்பதில் யாரும் தவறுவதில்லை. கணக்குப் போடும்போதும் நோட்டீஸ் எழுதும்போதும்தான் தவறுகிறார்கள்.

ஒப்பந்தக் கடிதங்கள் எழுதிக்கொடுப்பதும் பில் சரிபார்ப்பதும்தான் என் வேலை. போன வருஷம் ஜூன் மாதம் ஒரு மாங்கூழ் ஆலை உரிமையாளர், தானே எழுதிய நோட்டீஸ் நகலோடு வந்தார். காண்ட்ராக்டர் 3,89,400 ரூபாய் தர வேண்டும் என்று அதில் இருந்தது. உண்மையில் அவர் கேட்கக்கூடிய தொகை 2,40,000. இடையில் இருந்த ஒன்றரை லட்சம் எப்படி வந்தது என்று பார்த்தாலே முக்கியமான தவறுகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

ஒப்பந்த மதிப்பு, ஜி.எஸ்.டி. இல்லாமல், 60 லட்சம். முடிக்க வேண்டிய நாள் 2025 மார்ச் 31. ஒப்படைத்த நாள் ஜூன் 12. ஷரத்து இப்படி இருந்தது: தாமதமாகும் ஒவ்வொரு முழு வாரத்துக்கும் ஒப்பந்த மதிப்பில் 0.5 சதவீதம், மொத்தம் ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

முதலில் அவர் எதன் மேல் சதவீதம் போட்டார் என்று பார்ப்போம். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 70.8 லட்சம் என்று இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார். ஒப்பந்தமோ 'வரி நீங்கலாக ஒப்பந்த மதிப்பு' என்று தெளிவாகச் சொல்கிறது. ஆக, வாரத்துக்கு 35,400 இல்லை, 30,000. சில ஒப்பந்தங்களில் 'முடியாத பகுதியின் மதிப்பில்' என்று இருக்கும். சிலவற்றில், ஒரு பகுதியை முன்பே ஒப்படைத்துவிட்டால் அதன் மதிப்பைக் கழிக்கச் சொல்லியிருப்பார்கள். பேனாவை எடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. இந்தத் தவறுதான் எனக்கு அதிகம் தட்டுப்படுகிறது. மார்ச் 31-லிருந்து ஜூன் 12 வரை 73 நாள். பத்து வாரம், மூன்று நாள். அதை அவர் பதினொரு வாரமாக ஆக்கியிருந்தார். '11 வாரம், வாரத்துக்கு 35,400' என்று பெருக்கித்தான் 3,89,400 வந்தது. ஆனால் அந்த 73 நாளும் காண்ட்ராக்டர் தலையில் விழாது. பல்பர் மெஷினுக்கான அடித்தள வரைபடத்தை ஜனவரி 10-ம் தேதிக்குள் கொடுப்பதாக ஆலைதான் ஒப்புக்கொண்டிருந்தது. மெஷின் கம்பெனியிடமிருந்து வரத் தாமதமாகி, ஜனவரி 26-ல்தான் கொடுத்தார்கள். அந்த 16 நாள் ஆலையின் பொறுப்பு. நல்லவேளையாக, அப்போதே அதற்கு நீட்டிப்புக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதனால் கெடு ஏப்ரல் 16-க்கு நகர்ந்துவிட்டது.

"அது எங்க தப்பு, அதை ஏன் நாமளே எழுதணும்? அவங்க சொல்லட்டும்பா" என்றார் அவர். சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அப்போது நம் நோட்டீஸில் உள்ள ஒரு எண் பொய் என்று நிரூபணமாகிவிட்டால் மீதி எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு, உரிமையாளர் பக்கத்துத் தாமதத்தைக் கழிக்காமல் விட்டால், எல்.டி. எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதே சண்டைக்கு வந்துவிடும். நாமே கழித்து நாமே எழுதிவிட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சரி, ஏப்ரல் 16-லிருந்து ஜூன் 12 வரை 57 நாள். எட்டு வாரம், ஒரு நாள். ஷரத்து 'முழு வாரம்' என்று சொல்வதால் எட்டுதான். எட்டு முப்பதாயிரம், 2,40,000. 'வாரம் அல்லது அதன் பகுதி' என்று எழுதியிருந்தால் அந்த ஒற்றை நாளுக்காக ஒன்பது வாரமாகி 2,70,000 ஆகியிருக்கும். முழு வாரக் கணக்கிலும், ஒப்படைப்புத் தேதி இரண்டு நாள் முன்னே போயிருந்தால் முப்பதாயிரம் குறையும் இடம் இது. ஒப்படைப்புச் சீட்டில் இரண்டு தரப்பும் தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் கணக்கை ஆரம்பிக்கவே கூடாது.

அப்புறம் உச்சவரம்பு. 60 லட்சத்தில் 5 சதவீதம் 3 லட்சம். அவருடைய முதல் எண் அதையே தாண்டியிருந்தது. ஒப்பந்தம் அனுமதிக்கும் அதிகபட்சத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும் நோட்டீஸ், 'இவர் ஒப்பந்தத்தையே படிக்கவில்லை' என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அவருடைய வரைவில் இன்னொரு பத்தியும் இருந்தது. அந்த சீசனில் கைவிட்டுப்போன கூழ் ஆர்டர்களின் லாபம் என்று 7 லட்சத்தைத் தனியாகக் கேட்டிருந்தார். வலி எனக்குப் புரிகிறது. ஆனால் தாமதத்துக்கு இவ்வளவுதான் என்று முன்பே தொகை பேசிவிட்ட பிறகு, அதே தாமதத்துக்கு மேலும் கேட்க முடியாது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, பேசிவைத்த தொகையை மேல்வரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

அந்த 'நியாயமான' என்ற வார்த்தைக்கும் கனம் உண்டு. இழப்பே இல்லாத இடத்தில் ஷரத்து மட்டும் காசு வாங்கித் தராது என்பதை 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நிரூபிக்க முடிகிற இழப்பை நிரூபிக்க வேண்டும். கணக்கிடுவது கடினமான இழப்பு என்றால், நேர்மையாக முன்கூட்டி மதிப்பிட்ட தொகையையே ஏற்கலாம். அதனால் 7 லட்சக் கோரிக்கையை எடுத்துவிட்டு, இழப்பு நடந்தது என்பதற்குச் சான்றாக ஒரே ஒரு விஷயத்தை வைத்தோம். ஜூன் முதல் வாரம் வந்த காயை வேறொரு ஆலையில் கூலிக்கு அரைத்த பில்கள். கையில் இருப்பது, தேதி உள்ளது, மறுக்க முடியாதது.

இந்த ஆலைக்காரர் விவகாரத்தில் என்னைப் பயமுறுத்தியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. மே 10-ம் தேதி ஆலைக்காரர் காண்ட்ராக்டருக்கு அனுப்பியது: "எப்படியாவது ஜூன் 15-க்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க." சாதாரணக் கெஞ்சல்தான். ஆனால் காண்ட்ராக்டர் இதைக் காட்டி, 'ஜூன் 15 வரை கெடு நீட்டிவிட்டார், நான் 12-லேயே முடித்துவிட்டேன், தாமதமே இல்லை' என்று சொல்ல முடியும். சொல்லவும் செய்தார். இப்படி ஒரு வரி அனுப்புவதாக இருந்தால் கூடவே 'இது கெடு நீட்டிப்பு அல்ல, தாமத இழப்பீட்டு உரிமை அப்படியே இருக்கிறது' என்றும் சேர்த்துவிடுங்கள்.

அவரைக் காப்பாற்றியவை இரண்டு. கெடு முடிந்த மறுநாள், ஏப்ரல் 17-ல், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று கடிதம் அனுப்பியிருந்தார். ஒப்படைப்புச் சீட்டிலும் கையெழுத்துக்கு மேலே நீல மையில், 'தாமத இழப்பீடு கோரும் உரிமைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தார். காலமே முக்கியம் என்று வைத்த ஒப்பந்தத்தில், தாமதமான வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு. பலர் சந்தோஷத்தில் சாவியை வாங்கிக்கொண்டு, வெறும் கையெழுத்து மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

இனி நோட்டீஸின் வாசகம். அவருடைய வரைவில் 'அபராதம்' என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. 'ஏமாற்றிவிட்டீர்கள்' இரண்டு இடத்தில். இரண்டையும் எடுத்துவிட்டேன். அபராதம் என்றால் தண்டனை. தண்டிப்பதற்காகக் கேட்கிறோம் என்று நாமே எழுதிக்கொடுத்தால், அது இழப்பை ஒட்டிய தொகைதான் என்ற நம் வாதத்தை நாமே பலவீனமாக்குகிறோம். ஏமாற்றினார் என்பதற்கோ இங்கே எந்தத் தேவையும் இல்லை. தாமதம் ஆனது என்பதே போதும். கடைசியில் நோட்டீஸின் மையப் பத்தி இப்படி அமைந்தது:

> ஒப்பந்தத்தின் 14-வது ஷரத்துப்படி பணி முடிக்க வேண்டிய நாள் 31.03.2025. அடித்தள வரைபடம் வழங்குவதில் எங்கள் தரப்பில் ஏற்பட்ட 16 நாள் தாமதத்துக்காக அந்நாள் 16.04.2025 வரை நீட்டிக்கப்பட்டது. பணி ஒப்படைக்கப்பட்ட நாள் 12.06.2025. தாமதம் 57 நாட்கள், அதாவது 8 முழு வாரங்கள். 22-வது ஷரத்துப்படி வாரத்துக்கு ரூ.60,00,000-ல் 0.5 சதவீதம், அதாவது ரூ.30,000 வீதம், தாமத இழப்பீடு ரூ.2,40,000. இது உச்சவரம்பான ரூ.3,00,000-க்கு உட்பட்டது. இத்தொகையை ரூ.6,40,000 மதிப்புள்ள தங்கள் இறுதி பில்லிலிருந்து 22-வது ஷரத்தின் கீழ் பிடித்தம் செய்ய உள்ளோம். இக்கணக்கில் ஆட்சேபம் இருப்பின், ஆதாரங்களுடன் 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய எண்ணிலிருந்து வருகிறது. படிப்பவர் கால்குலேட்டரை எடுத்துத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். பில்லில் பிடிக்கும் உரிமையை ஒப்பந்தம் தந்திருந்தால் மட்டுமே பிடித்தம் என்று எழுதுங்கள். இல்லையென்றால் செலுத்தும்படி கோர வேண்டும். எல்.டி. தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. போடுவதும் வேண்டாம். தாமத இழப்பீடு ஒரு சேவைக்கான விலை அல்ல என்று 2022 ஆகஸ்ட் 3-ம் தேதியிட்ட 178-ம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையே விளக்கியிருக்கிறது. அனுப்பும்போது, ஒப்பந்தத்தில் அறிவிப்புகளுக்காகக் குறிப்பிட்ட முகவரிக்கே, டெலிவரி ஆனதற்குச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போடுவது கூடுதல் வசதிதான், மாற்று அல்ல.

பதினோராம் நாள் பதில் வந்தது. ஜூன் 15 வாதம் ஒன்று. அதற்கு ஏப்ரல் கடிதத்தையும் ஒப்படைப்புச் சீட்டையும் காட்டினோம். மே மாதத்தில் மழையால் ஐந்து நாள் கான்கிரீட் வேலை நின்றது என்பது இன்னொன்று. கெடுவுக்குப் பிறகு பெய்த மழை, நேரத்துக்கு முடித்திருந்தால் அவரைத் தொட்டே இருக்காது என்று மறுக்க நமக்கு இடம் இருந்தது. ஆனாலும் சைட் டைரியைப் புரட்டினோம். மூன்று நாளுக்குத்தான் பதிவு இருந்தது. அந்த மூன்றை விட்டுக்கொடுக்க ஆலைக்காரர் சம்மதித்தார். 54 நாள், ஏழு முழு வாரம், 2,10,000. இறுதி பில்லில் அதைக் கழித்து மீதி 4,30,000-ஐக் கொடுத்தார்கள். 'தாமத இழப்பீடு குறித்து இரு தரப்புக்கும் மேல் கோரிக்கை இல்லை' என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் குறை வந்தால் சரிசெய்வதற்காகப் பிடித்துவைக்கும் ரிட்டென்ஷன் தொகை அதில் சேராது என்றும் அதே தாளில் ஒரு வரி இருக்கிறது.