பழைய கடிதத்தில் ‘விக்கிரம௵ தை௴ 12௳’ என்றிருந்தால் எந்த ஆண்டு?

தாத்தா காலத்துக் கடிதத்தின் மேல்மூலையில் ஆங்கிலத் தேதி இல்லாமல் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் எண்ணி அது எத்தனையாவது பெயர் என்று பாருங்கள். அந்த எண்ணை 1926-உடன் கூட்டினால் வருஷம் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். விக்கிரம பதினான்காவது, ஆகவே 1940.

அறுபது பெயர்களும் மாறாத வரிசையில் சுற்றுகின்றன. 1927-இல் பிரபவ வந்தது, அதனால்தான் 1926. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழியின் பின்பாதியும் அப்படித்தான். ஆக, தை 12 என்பது 1941 ஜனவரி 25 வாக்கில்.

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் 1880-ஆகவும் இருக்கலாமே? தபால்தலையைப் பாருங்கள்: விக்டோரியா ராணி என்றால் 1880, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1940. தபால் முத்திரை தெளிவாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

நாஞ்சில் நாட்டுக் கடிதங்களுக்கு இது பல நேரம் உதவாது. அங்கே 1116 என்பதுபோல் கொல்லம் ஆண்டு எழுதியிருப்பார்கள். அதற்கு 825 கூட்ட வேண்டும், ஆவணி முதல் டிசம்பர் வரையிலான கடிதம் என்றால் 824.