பிடிஎஃப் வரைபடத்தில் பாதியாகச் சுருங்கிய வீடு

தரைக்கு டைல்ஸ் கணக்குப் போடத்தான் பிளானைத் திறந்தேன். மூலையில் 1:100 என்று இருந்தது, பிடிஎஃப் வரைபடங்களை அளக்கும் மென்பொருளான Bluebeam Revu-வில் அதையே ஸ்கேலாகக் கொடுத்து வெளிச்சுவரை அளந்தால் 6.98 மீட்டர் வருகிறது, ஆனால் கோட்டின் மேலேயே 14.40 என்று எழுதியிருக்கிறது!

Document Properties-இல் பக்க அளவு 420 × 297 மில்லிமீட்டர், அதாவது ஏ3. வரைந்ததோ ஏ1 தாளுக்கு. ஏ3-இல் எல்லா நீளமும் பாதியாகிவிடும் என்பதால் 1:200 கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் 13.97 தான். யாரோ "fit to page" போட்டு இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறார்கள்.

சரி, எழுதியிருக்கும் ஸ்கேலை மறந்துவிட்டு, தெரிந்த ஒரு நீளத்தைக் கொடுத்து ஸ்கேலைக் கண்டுபிடிக்கும் Calibrate எடுத்தேன். முதலில் 90 சென்டிமீட்டர் கதவை வைத்துச் செய்தது என் முட்டாள்தனம்: தாளில் அரை மில்லிமீட்டர் தள்ளி கிளிக் செய்தாலே நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் போய்விடும், கதவில் அது பதினோரு சதவீதம். அதே பிழை 14.40 மீட்டரில் ஒரு சதவீதம்கூட வராது. அதனால் நன்றாகப் பெரிதாக்கி, வெளிச்சுவர் அளவுக்கோட்டின் இரு முனைகளையும் கிளிக் செய்து 14.40 m என்று கொடுத்தேன்.

அப்புறம் குறுக்கே 9.60 மீட்டர் சுவரை அளந்தேன், 9.61 வந்தது. இங்கே பெரிய வித்தியாசம் வந்திருந்தால் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம், ஒரே ஸ்கேல் இரண்டு திசைக்கும் பொருந்தாது. அடுத்த பக்கத்தில் படிக்கட்டு 1:20-இல் இருந்ததால், இந்த ஸ்கேலை இந்தப் பக்கத்துக்கு மட்டுமே வைத்தேன்.