பாட்டி, பாட்டில்: ஒரே ‘ப’வை மில்லிவினாடியில் அளப்பது எப்படி?

பாட்டி, தண்ணீர் பாட்டில் என்பதில் வரும் பாட்டில், இரண்டையும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகிறோம். உதடும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ஆனால் பாட்டிலில் உதடு மூடியிருக்கும்போதே குரல் நாண்கள் அதிரத் தொடங்கிவிடுகின்றன. பாட்டியில் உதடு திறந்த பிறகுதான். உதடு திறக்கும் கணத்துக்கும் அதிர்வு தொடங்கும் கணத்துக்கும் இடையே உள்ள நேரத்தைத்தான் குரல் தொடங்கு நேரம், சுருக்கமாக வி.ஓ.டி. என்கிறோம். 1964இல் லிஸ்கர், ஏப்ரம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பதினொரு மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். அதில் தமிழும் ஒன்று.

முதலில் பதிவு. வேலூர் வெயிலில் ஒருவரை உட்காரவைத்து ஃபேனை நிறுத்துவது கொடுமைதான், ஆனாலும் நிறுத்துங்கள். பக்கத்தில் ஃபிரிட்ஜ் ஓடினால் அதையும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். போனிலேயே பதியலாம், WAV கோப்பாகச் சேமிக்கும் ஆப் வேண்டும், இரைச்சலைக் குறைக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். மூடிய உதட்டுக்குப் பின்னால் வரும் மெல்லிய முனகலை இந்த வசதிகள் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடக்கூடும்.

சொற்களைத் தனித்தனியாக, நடுவில் நன்றாக இடைவெளி விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘இந்தப் பாட்டி’ என்று வேண்டாம். முன்னால் ஒரு சொல் வந்தால் ‘ப’வின் தன்மையே மாறிவிடும். பாட்டியையும் பாட்டிலையும் அடுத்தடுத்து வைக்காமல் கடை, மாடு, தண்ணி என்று வேறு சொற்களை நடுவில் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசுபவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அடுத்தது Praat. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் இது. கோப்பைத் திறந்து View & Edit அழுத்தினால் மேலே அலைவடிவம், கீழே ஒலிநிறமாலை தெரியும். சொல்லின் தொடக்கத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து Ctrl+N அழுத்திப் பெரிதாக்குங்கள். திரையில் ஏறக்குறைய 200 மில்லிவினாடி மட்டும் தெரிந்தால் வேலை சுலபம்.

இப்போது இரண்டு இடங்களைக் குறிக்க வேண்டும். ஒன்று வெடிப்பு: உதடு திறந்ததும் அலைவடிவத்தில் சட்டென்று ஒரு கூரான முள் எழும், ஒலிநிறமாலையில் மெல்லிய செங்குத்துக் கோடு விழும். இன்னொன்று குரலின் தொடக்கம்: ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் அலைகளில் முதல் அலை. Praat தானாகப் போடும் நீலக் கோடுகளை இதற்கு அப்படியே நம்பாதீர்கள். பலவீனமான முதல் ஓரிரு அலைகளை அது சில நேரம் விட்டுவிடும். கண்ணால் பார்த்துக் குறிப்பதே மேல். அப்புறம் ஒரே கழித்தல்தான்:

```
VOT = குரல் தொடங்கிய நேரம் − வெடிப்பு நேரம்
```

குடியாத்தத்து அத்தை ஒருவரின் பதிவில் பாட்டிக்கு வெடிப்பு 0.412, குரல் 0.425 வினாடியில். கழித்தால் 0.013, அதாவது +13 மில்லிவினாடி. பாட்டிலுக்கு வெடிப்பு 1.951, ஆனால் குரல் அதற்கு முன்பே 1.876இல் ஆரம்பித்துவிட்டது. விடை −75. வெடிப்புக்கு முன் குரல் வந்தால் கழித்தல் குறி. அதை விட்டுவிட்டால் அளந்ததற்கே அர்த்தமில்லை. ‘பாட்டில்’ என்பதைப் பாட்டியின் ‘ப’வாலேயே சொல்பவர்களும் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு அந்தச் சொல்லிலும் சிறிய கூட்டல் எண்தான் வரும். அது அளவில் வந்த பிழை இல்லை, அவர்கள் பேச்சே அப்படி.

ஃபேன் விஷயத்துக்கு வருவோம். வெடிப்புக்கு முன்னால் தெரியும் சிற்றலை நிஜமாகவே குரலா, மின்சார ரீங்காரமா என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நம் மின்சாரத்தின் ரீங்காரம் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் வரும். ஆண்குரலின் அதிர்வும் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். சொல்லுக்கு ஒரு வினாடி முன்னால் உள்ள மௌனத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் அதே அலை ஓடினால் அது ரீங்காரம். குரலாக இருந்தால் ஒரு இடத்தில் புதிதாக முளைத்து, வெடிப்பு வரை வந்து, உயிரெழுத்தில் பெரிதாகும்.

அத்தையின் +13ஐ ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் சுவாரசியம். அமெரிக்க ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் p சராசரியாக 60 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் குறைவு. B பூஜ்யத்தை ஒட்டி. அதாவது நம் பாட்டியின் ‘ப’ அவர்கள் கணக்கில் b பக்கம் விழுகிறது. நாம் pass என்று நினைத்து ‘பாஸ்’ என்றால் அவர்கள் காதில் ‘பஸ்’ஸின் தொடக்கத்தில் வரும் b ஒலி கேட்க இடமிருக்கிறது.

இந்த அளவு எல்லா இடத்திலும் போதாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசுபவர்களிடம் இந்த ஒலி நான்கு வகை: மூச்சில்லாத p, மூச்சோடு வரும் ph, b, bh. முதல் இரண்டையும் வி.ஓ.டி. அழகாகப் பிரித்துவிடும், இரண்டில் எதையும் b-யோடு குழப்பாது. ஆனால் b, bh இரண்டிலும் வெடிப்புக்கு முன்பே குரல் வந்துவிடுவதால் இரண்டுக்கும் கழித்தல் எண்தான். அங்கே வெடிப்புக்குப் பின்னால், உயிரெழுத்தின் தொடக்கத்தில் மூச்சுக் கலந்த அலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத் தனியாக அளக்க வேண்டும்.